டை அடித்த முடியில் ஏன் இவ்வளவு சிக்கு விழுகிறது?

பார்லரில் ஹேர் கலர் போடும் வேலையில் இருந்தபோது நான் அதிகம் கேட்ட புகார் நிறத்தைப் பற்றியது இல்லை. "டை போட்ட அன்னைக்கு முடி சூப்பரா இருந்துச்சு, ரெண்டு தடவை தலைக்குக் குளிச்சதும் சீப்பே இறங்க மாட்டேங்குது" என்பதுதான். சொல்கிறவர்கள் எல்லோரும் கூடவே ஒரு காரணமும் சொல்வார்கள்: முடி வறண்டு போய்விட்டது. அதற்கு எண்ணெய் வைப்பார்கள், எண்ணெய் போக இரண்டு முறை ஷாம்பூ போடுவார்கள், சிக்கு இன்னும் கூடும்.

வறட்சி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. டை அடித்த முடி தண்ணீரை முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறது. நனைத்தால் சட்டென்று ஊறிவிடும், காய அதிக நேரம் எடுக்கும். அதில் குறைந்து போனது ஈரம் இல்லை, மேற்பரப்பின் வழுக்கல். ஒரு முடி இன்னொரு முடியின் மேல் உரசாமல் நழுவிப் போக வேண்டும். அந்த நழுவல் போனால் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, சீப்புக்குச் சிக்காகத் தெரிகிறது. இந்த வித்தியாசம் புரிந்தால் என்ன வாங்குவது, எதை விடுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

முடியின் வெளிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். அதனால்தான் விரலை வேரிலிருந்து நுனிக்கு ஓட்டினால் வழுக்கும், நுனியிலிருந்து மேலே ஓட்டினால் கொஞ்சம் பிடிக்கும். இந்தச் செதில்களின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. அதில் முக்கியமானது 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம். இது தலையில் சுரக்கும் எண்ணெய் கிடையாது. முடி உருவாகும்போதே செதிலோடு வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டு வருவது. சாதாரண ஷாம்பூவால் அதை எளிதில் பிரிக்க முடியாது. புது முடி தண்ணீரைத் தள்ளுவதற்கும், ஈரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிவதற்கும் இந்தப் படலம்தான் காரணம்.

நிரந்தர ஹேர் டை வேலை செய்ய வேண்டுமென்றால் நிறம் முடிக்குள் போக வேண்டும். அதற்காகக் கலவையில் அம்மோனியா மாதிரி ஒரு காரப்பொருள் இருக்கும். அது முடியை வீங்க வைத்துச் செதில்களைத் தூக்கிவிடும். நிறத்தோடு கலக்கும் டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். அது சின்ன மூலக்கூறுகளாக உள்ளே போன சாயத்தை அங்கேயே பெரிதாக்கி, வெளியே வராமல் நிறுத்தும். காரமும் பெராக்சைடும் சேர்ந்து இருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் மேலே சொன்ன கொழுப்புப் படலத்தின் பிணைப்பு அறுந்து, படலம் கழன்று போகிறது. கூடவே முடியின் புரதத்தில் இருக்கும் கந்தகப் பிணைப்புகளில் சில உடைந்து அமிலமாக மாறும். அதனால் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடும். படலம் போன இடம் தண்ணீரை இழுக்கும், எதிர்மின்னூட்டம் கூடிய இடம் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுமே உராய்வைக் கூட்டும்.

இதில் ஜீரணிக்கக் கஷ்டமான உண்மை ஒன்று இருக்கிறது. முடியின் அந்தப் பகுதியில் போன படலம் திரும்ப வளராது. வளர்ந்து வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை, தன்னைத் தானே சரிசெய்துகொள்ள அதனால் முடியாது. அதனால் எந்தப் பாட்டிலில் "பழுது நீக்கும்" என்று போட்டிருந்தாலும், நடைமுறையில் நம்மால் செய்ய முடிவது அந்த வழுக்கலை வெளியிலிருந்து ஒவ்வொரு குளியலிலும் திரும்பப் பூசுவதுதான். அது சின்ன விஷயம் இல்லை. சரியாகப் பூசினால் வித்தியாசமே தெரியாது.

டை அடித்த அன்றைக்கு மட்டும் முடி ஏன் அப்படி வழுவழுவென்று இருக்கிறது என்பதற்கும் விடை இங்கேதான். பெட்டிக்குள் ஒரு குட்டிப் பாக்கெட்டோ டியூபோ வரும், நிறத்தை அலசிய பிறகு போடச் சொல்லி. அது அமிலத்தன்மையுள்ள, மிகக் கெட்டியான கண்டிஷனர். பெரும்பாலும் சிலிக்கோனும் இருக்கும். காரத்தைத் தணித்து, கழன்ற படலத்துக்குப் பதிலாக ஒரு தற்காலிகப் பூச்சைக் கொடுத்துவிடுகிறது. ஒன்றிரண்டு ஷாம்பூவில் அந்தப் பூச்சு கரைந்து போகும். அப்போதுதான் அடியில் இருக்கும் நிஜமான முடி கைக்குத் தெரிகிறது. வீட்டில் போடுகிற பலர் அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் வருவதிலேயே அதைத்தான் பத்திரமாக வைக்க வேண்டும் என்பேன். முழுவதையும் ஒரே நாளில் காலி செய்யாமல் அடுத்த குளியலுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

சித்தியின் முடியை வைத்து இதைச் சொன்னால் தெளிவாக இருக்கும். இடுப்பு வரை நீளம், நல்ல அடர்த்தி. மூன்று வருடமாக மாதம் ஒரு முறை கருப்பு டை, பெட்டியில் வருவது, மகள்தான் போட்டுவிடுவாள். ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனி வரை முழுக்கப் பூசுவார்கள். "பாதி முடிக்குப் போட்டா நிறம் தனித்தனியா தெரியாதாடி?" என்பது சித்தியின் கேள்வி. டை அடித்து சில நாள் கழித்து என்னிடம் வந்தபோது பின்கழுத்துக்குக் கீழே முடி ஒரு கட்டியாகச் சேர்ந்திருந்தது. பின்னல் போடவே அரை மணி நேரம் ஆகிறதாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். மூன்று வருடத்தில் 36 செ.மீ. அப்படியென்றால் தலையிலிருந்து 36 செ.மீ.க்குக் கீழே இருக்கிற சித்தியின் முடி 36 முறையும் பெராக்சைடைப் பார்த்திருக்கிறது. தோளருகே இருக்கும் முடி இருபது இருபத்தைந்து முறை. உச்சியில் புதிதாக முளைத்த 1 செ.மீ. மட்டும் ஒரே முறை. நரையை மறைக்கத் தேவைப்பட்டது அந்த 1 செ.மீ.க்கு மட்டும்தான். மிச்சமெல்லாம் ஏற்கனவே கருப்பாக இருந்த முடிக்கு மறுபடி மறுபடி கொடுத்த அடி.

இதைக் கண்ணால் காட்டவும் வழி இருக்கிறது. எண்ணெயோ சீரமோ இல்லாமல், கண்டிஷனரும் போடாமல் ஒரு முறை ஷாம்பூ மட்டும் போட்டு முழுக்கக் காயவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பூச்சு ஏமாற்றிவிடும். ஒரு கற்றையைத் தட்டையாகப் பிடித்து வேருக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், நுனிப் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்தோம். மேலே வைத்தது உருண்டையாகச் சற்று நேரம் நின்றது. கீழே வைத்தது வைத்த உடனே பரவி உள்ளே போய்விட்டது. அவ்வளவு பேச்சு பேசிய சித்தி அதைப் பார்த்துவிட்டு, "அப்போ எண்ணெயே வேஸ்டா?" என்றார்.

எண்ணெய் வேஸ்ட் இல்லை, அதன் இடம் வேறு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஓரளவு ஊடுருவும், குளிப்பதற்கு முன் வைத்தால் குளியலில் புரதம் கரைவதைக் குறைக்கும். அதற்காக ஒரு மணி நேரம் முன்பு நீளத்துக்கு மட்டும் கொஞ்சமாக வைக்கலாம். ஆனால் படலம் கழன்ற முடி தண்ணீரை விரும்புகிற மேற்பரப்பு. எண்ணெய் அதில் சீராக ஒட்டி நிற்பதில்லை, திட்டுத் திட்டாக நிற்கும். அதைப் போக்க ஷாம்பூவைத் தேய்த்துத் தேய்த்துப் போட்டால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். சித்தி செய்துகொண்டிருந்தது அதுதான்: இரவு தலை நிறைய எண்ணெய், காலையில் ஷாம்பூவைக் கையில் ஊற்றி நுனியைத் துணி துவைப்பது போல் தேய்த்தல்.

இன்னொன்றும் நடந்திருந்தது. முடி பலவீனமாகிவிட்டது என்று மகள் ஒரு கெரட்டின் மாஸ்க் வாங்கிக் கொடுத்திருந்தாள். வாரம் இரண்டு முறை போட்டதில் முடி இன்னும் விறைப்பாகிவிட்டது. புரதம் சேர்த்த பொருட்கள் முடியின் மேல் படிந்து அதைக் கெட்டியாக்கும். சிலருக்கு, அதுவும் பிளீச் செய்து கொழகொழத்துப் போன முடிக்கு, அது கொஞ்சம் உதவும். ஆனால் பிரச்சினை உராய்வு என்றால் விறைப்பைக் கூட்டும் பொருள் நிலைமையை மோசமாகத்தான் ஆக்கும். மாஸ்க்கை அலமாரியில் வைத்துவிடச் சொன்னேன்.

சரி, அப்படியென்றால் எதுதான் ஒட்டும்? எதிர்மின்னூட்டம் கூடிய முடியில் நேர்மின்னூட்டம் உள்ள பொருள் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் சேதம் அதிகமாக இருக்கும் இடத்தில் அதிகமாக. கண்டிஷனர் வேலை செய்வது இந்த அடிப்படையில்தான். பாட்டிலின் பின்பக்கம் உள்ள பட்டியலில் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் பிஹென்ட்ரைமோனியம் குளோரைடு, பிஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் அல்லது செட்ரிமோனியம் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் பிஹென்ட்ரைமோனியம் வகைகளின் மூலக்கூறுச் சங்கிலி நீளமானது, அதனால் வழுக்கலும் அதிகம். கூடவே செட்டைல் அல்லது செட்டியரில் ஆல்கஹால் இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முடியை உலர்த்தும் ஆல்கஹால் கிடையாது, மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள். மூன்றாவதாக அமோடைமெத்திகோன் என்று ஒன்று இருந்தால் டை அடித்த முடிக்கு நல்லது. சாதாரண டைமெத்திகோன் சேதமில்லாத முடியில்தான் நன்றாகப் படியும். அமோடைமெத்திகோன் சேதமான இடத்தைத் தேடிப் போய் ஒட்டும். சிலிக்கோன் என்றாலே கெடுதல் என்று ஒரு பேச்சு உண்டு. டை அடிக்காத, எண்ணெய்ப் பசை அதிகமுள்ள முடிக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். டை அடித்த நீள முடிக்கு அதைத் தவிர்க்கச் சொல்வதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வினிகர் அலசல் பற்றியும் கேட்பார்கள். டை முடிந்ததும் முடி காரமாக, வீங்கி இருக்கும். அமிலம் அதைத் தணிக்கும், செதில்கள் ஓரளவு படியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் சாதாரண வினிகர் போதும். ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசிவிடலாம். ஆனால் வினிகரில் வழுக்கல் தரும் பொருள் எதுவும் இல்லை. நல்ல கண்டிஷனர் ஏற்கனவே அமிலத்தன்மையோடுதான் இருக்கும். அதனால் பெட்டியில் வந்த பாக்கெட் இருந்தால் வினிகர் தேவையே இல்லை. எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தேய்ப்பது வேண்டாம். அது மிகக் கடுமையான அமிலம், டை பட்டுச் சிவந்திருக்கும் தோலில் எரியும்.

சித்தியின் கட்டியை அன்று இப்படித்தான் எடுத்தோம். சிக்கு இருக்கும் முடியை முதலில் நனைக்கவே இல்லை. சேதமான முடி ஈரத்தில் இன்னும் பலவீனமாகும், உராய்வும் கூடும், தண்ணீர் பட்டால் கட்டி இறுகிவிடும். காய்ந்த முடியிலேயே கட்டியின் மேல் கண்டிஷனரைத் தாராளமாக அப்பி, விரலால் பிரித்துப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்தேன். கடைசி நான்கு விரல் நீளம் தடையில்லாமல் இறங்கிய பிறகுதான் அதற்கு மேல் நான்கு விரல். சீப்பு போகும் இடத்துக்கு மேலே இன்னொரு கையால் கற்றையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது. மேலிருந்து சீவினால் எல்லாச் சின்னச் சிக்கும் கீழே போய்ச் சேர்ந்து ஒரு பெரிய முடிச்சாகும். அப்படித்தான் அந்தக் கட்டியே உருவாகியிருந்தது.

அப்புறம் ஷாம்பூ. ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, தலைத்தோலில் மட்டும். அழுக்கும் எண்ணெயும் இருப்பது அங்கேதான். நீளத்துக்கு, அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே போதும். முடியை உச்சியில் குவித்துத் தேய்ப்பதைச் சித்தியால் விடவே முடியவில்லை, கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

கண்டிஷனருக்கு முன் தண்ணீரைப் பிழிந்து எடுப்பதைப் பலர் செய்வதில்லை. சொட்டச் சொட்ட இருக்கும் முடியில் போட்டால் பாதி வழிந்து போய்விடும். கையால் நீளவாக்கில் அழுத்திப் பிழிந்த பிறகு போட வேண்டும். அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இடுப்பு வரையிலான அடர்த்தியான முடிக்கு மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் ஆகும், தோள் வரைக்கு ஒன்றரை. காது மட்டத்திலிருந்து கீழே பூசி, கண்டிஷனர் இருக்கும்போதே மறுபடி அகலப் பல் சீப்பால் ஒரு முறை. ஒவ்வொரு முடியிலும் பரவ இதுதான் வழி. இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒட்ட வேண்டியது அதற்குள் ஒட்டிவிடும். ஒரு மணி நேரம் தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பதால் பெரிய லாபம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அலசும்போதே கண்டிஷனர் நல்லதா என்று கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலை ஓட்டுங்கள். கிரீம் போன பிறகும் முடி லேசாக வழுக்கினால் பூச்சு ஒட்டியிருக்கிறது. கிரீம் இருக்கும்வரை வழுக்கி, தண்ணீர் பட்டதும் கிரீச்சென்று பிடித்தால் ஒன்று அளவு போதவில்லை, இல்லையென்றால் அந்தக் கண்டிஷனரில் நேர்மின்னூட்டப் பொருள் மிகக் குறைவு. சித்தி வீட்டில் இருந்தது இரண்டாவது ரகம். மணம் அருமையாக இருந்தது, பட்டியலில் பிஹென்ட்ரைமோனியமும் இல்லை, செட்ரிமோனியமும் இல்லை.

துண்டால் தேய்த்துத் துவட்டுவதற்குப் பதில் பழைய பருத்தித் துணியில் சுற்றி அழுத்தி எடுத்தோம். பாதி ஈரத்தில் சீரம் நான்கைந்து சொட்டு, உள்ளங்கையில் தேய்த்து நுனியிலிருந்து மேலே காது வரை. பிறகு தளர்வாக ஒரு பின்னல். காய்ந்த பிறகு நெற்றியில் விழும் சின்ன முடிகள் தவிர மற்றதெல்லாம் அடங்கியிருந்தது. இரவில் விரித்துப் போட்டுப் படுத்தால் தலையணையில் உரசி மறுபடி பின்கழுத்தில் கட்டியாகும் என்பதால் பின்னலோடே தூங்கச் சொன்னேன்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்கு முடி மொரமொரவென்றே இருக்கும். அங்கே நான் தண்ணீரைச் சந்தேகப்படுவேன். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் டை அடித்த முடியில் அதிகம் படியும். படிந்தால் முடி மங்கலாக, ஏதோ மாவு பூசிய மாதிரி இருக்கும், கண்டிஷனரும் சரியாக ஒட்டாது. இதற்குச் செலேட்டிங் ஷாம்பூ என்று தனியாக விற்கிறார்கள். இ.டி.டி.ஏ. மாதிரியான, உலோகத்தைப் பிடித்து இழுக்கும் பொருள் அதில் அதிகமாக இருக்கும். மாதம் ஒரு முறை, அடுத்த டைக்கு மூன்று நான்கு நாள் முன்பு போடுவது நல்லது. தண்ணீரிலிருந்து முடியில் ஏறும் செம்பு பெராக்சைடோடு சேர்ந்தால் சேதத்தைக் கூட்டும் என்பதால் டைக்கு முன்பே அதைக் கழுவி எடுப்பதில் இரட்டை லாபம்.

அடுத்த மாத டை நாளில்தான் உண்மையான மாற்றத்தைச் செய்தோம். வேருக்கு மட்டும். முதலில் நீளம் முழுக்கக் கண்டிஷனரைப் பூசிப் பின்னிவிட்டேன். டை தவறிச் சிந்தினாலும் அந்தப் பூச்சு ஓரளவு தடுக்கும். வெள்ளை தெரியும் வேர்ப்பகுதியில் கண்டிஷனர் படக் கூடாது, பட்டால் நிறம் பிடிக்காது. தலையை நான்காகப் பிரித்து, பிரஷ்ஷின் கூர்முனையால் விரல் அகல வகிடுகளாக எடுத்து, புதிதாக வளர்ந்த இடத்தில் மட்டும் பூசினோம். பெட்டியில் உள்ளதில் பாதிதான் செலவானது. மீதியைக் கலக்காமல் தனித்தனியாகவே மூடி வைத்தோம். கலந்துவிட்டால் வைக்கக் கூடாது, வாயு கிளம்பி மூடிய பாட்டில் வெடிக்கலாம், நிறமும் பிடிக்காது.

கடைசி ஐந்து நிமிடம் சீப்பால் நுனிவரை இழுத்துவிடுங்கள் என்று முன்பெல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் பல பேருக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன், பெட்டிகளிலும் பார்த்திருக்கிறேன். நிறம் வெளுத்திருந்தால் ஒழிய அதற்குத் தேவை இல்லை. வெளுத்திருந்தாலும் நீளத்துக்கு டெவலப்பர் சேராத, மேலே படிகிற தற்காலிக நிறம் போதும். அது சில குளியலில் போய்விடும், ஆனால் படலத்தைத் தொடாது. சித்தி பயந்த மாதிரி நிறம் தனித்தனியாகத் தெரியவில்லை. கருப்பின் மேல் கருப்பு எங்கே தெரியும்?

நரையை மறைக்க 6% டெவலப்பர் போதும். 9%, 12% எல்லாம் முடியின் இயற்கை நிறத்தைக் குறைத்து வெளிர் நிறம் கொண்டு வருவதற்கு. வேகமாகப் பிடிக்கும் என்று நினைத்துக் கடுமையானதை வாங்கினால் நிறம் கூடாது, சொரசொரப்புதான் கூடும். பெட்டியில் போட்ட நேரத்துக்கு மேல் வைப்பதும் அதே கதை. "அம்மோனியா இல்லை" என்று போட்டிருப்பதை நம்பிக் கூடுதல் நேரம் விடுகிறவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் மோனோ எத்தனாலமைன் என்ற வேறொரு காரம் இருக்கும். நெடி இல்லை, அவ்வளவுதான். அம்மோனியா ஆவியாகிப் போகும், இது ஆவியாகாமல் முடியிலேயே தங்கும், அதனால் இன்னும் நன்றாக அலச வேண்டும்.

அலசுவதற்கு முன் தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, டையை விரலால் மெதுவாக மசாஜ் செய்தால் அது நுரைத்து இளகும். அதன் பிறகு தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அன்றைக்கு ஷாம்பூ தேவையில்லை, பெட்டிக் கண்டிஷனர் மட்டும். அடுத்த தலைக்குளியலை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட்டால் நல்லது. புதிதாக ஒரு பிராண்டுக்கு மாறுகிறவர்கள் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் சோதித்துப் பார்ப்பதை விட வேண்டாம். அரிப்போ வீக்கமோ வந்தால் கண்டிஷனரில் தீர்க்கிற விஷயம் இல்லை அது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எந்தக் கண்டிஷனராலும் ஆகாத நிலையும் உண்டு. உதிர்ந்த ஈர முடி ஒன்றை எடுத்து இரு விரலால் மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் சுருங்கினால் உள்கட்டமைப்பு பரவாயில்லை, மேற்பரப்புதான் பிரச்சினை. ரப்பர் போல நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் அறுந்தால் உள்ளேயே உடைந்திருக்கிறது. இது பெரும்பாலும் பிளீச் செய்த முடியில், அல்லது பிளீச்சும் ஸ்ட்ரெய்ட்டனிங்கும் அடுத்தடுத்துச் செய்த முடியில் பார்ப்பது. அதற்கு மேல் ஒரு வருடத்துக்கு எந்த ரசாயனமும் வேண்டாம் என்பேன்.

சித்தியின் முடி அந்த நிலையில் இல்லை. நீண்டு சுருங்கியது. ஆனால் 36 முறை டை பார்த்த கடைசிப் பகுதியில் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்த நுனி பக்கத்து முடியில் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு வழுக்கல் இருந்தாலும் சீப்பு அங்கே நிற்கும். வெட்டுவதற்கு எவ்வளவு என்று கேட்டால் நான் டேப் எடுப்பதில்லை, கண்டிஷனரும் சீரமும் போட்ட காய்ந்த முடியில் சீப்பை இறக்கி எந்த இடத்திலிருந்து அது தடுமாற ஆரம்பிக்கிறது என்று பார்ப்பேன். சித்திக்கு அது நான்கு விரல் அளவு வந்தது. இரண்டு விரலுக்குத்தான் சம்மதித்தார். மீதி இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில், வேருக்கு டை போட வரும்போது, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம்.